பக்கத்து வீட்டுத் தம்பிக்கு எந்த முறையில் ஒப்பாரி வைப்பது?

"பக்கத்து வீட்டுத் தம்பி திடீர்னு போயிட்டான். நான் சொந்தக்காரி இல்ல. ஒப்பாரி வைக்கலாமா, என்ன சொல்லி அழுறது?"

தாராளமாக வைக்கலாம். முதலில் முறையைப் பிடியுங்கள். ஒப்பாரியில் பெயர் சொல்லி அழுவது குறைவு, ராசாவே, மகனே, மருமவனே என்று முறை சொல்லித்தான் கூப்பிடுவோம். அவன் உங்களை என்னவென்று கூப்பிட்டானோ அதற்குரிய முறை போதும்.

எங்கள் தெருவில் போன வருஷம் இப்படித்தான். இருபத்து மூன்று வயது, ராத்திரி படுத்த பிள்ளை, காலையில் அவன் அம்மா எழுப்பப் போனால் உடம்பு சில்லிட்டுக் கிடக்கிறது. என்னை அத்தை என்பான், அதனால் மருமவனே என்று ஆரம்பித்தேன். முதலில் பொன்னு மேனி, பூ மொகம் என்று கேட்ட வரிகள்தான் வாயில் வந்தன, யாருக்கும் அது ஒட்டவில்லை. அப்புறம் வாசலில் கிடந்த அவன் செருப்பைப் பார்த்ததும் தானாக வந்தது:

பாலு வாங்கப் போகையில - எனக்கும்
பாக்கெட்டு வாங்கி வந்தே
காலையில பாலு தந்த - மருமவனே
நாளைக்கு ஒனக்குப் பாலூத்தவா

சிலிண்டரு தீந்துச்சுன்னா - அய்யா நீ
செமந்து வந்த தோளு எங்கே
எனக்குச் செமந்த தோளு - இன்னைக்கு
நாலு தோளு ஏறுதய்யா

மாவிலப் பந்தலுல - ஒன்ன
மாலையோட பாக்க இருந்தேன்
தென்னமட்ட பின்னி - ஒனக்குத்
தேரு கட்ட வச்சிட்டியே

கவனித்தால் சூட்சுமம் புரியும். அவன் கையில் இருந்த ஒரு பொருளை முதல் இரண்டு அடியில் எடுத்து, அதையே அடுத்த இரண்டு அடியில் சாவுப் பக்கம் திருப்ப வேண்டும். குடிக்கிற பால் சுடுகாட்டில் தெளிக்கிற பாலாகிறது, சுமந்த தோளைச் சுமக்க ஆள் வருகிறது, கல்யாணப் பந்தல் பாடையாகிறது. கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு அந்தக் கடைசித் திருப்பம் வராமல் எங்கள் பக்கம் ஒப்பாரி முடியாது. எதுகை மோனை தவறினால் பரவாயில்லை, மூச்சு நிற்கிற இடத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கிற பெண்கள் உங்கள் கடைசி அடியை வாங்கித் திரும்பச் சொன்னால் வரி பிடித்துவிட்டது என்று அர்த்தம். எல்லாரும் சும்மா இருந்தால் பொருளை மாற்றுங்கள்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றவள் வாயெடுத்தால் நீங்கள் நிறுத்திவிட வேண்டும். "பெத்த வயிறு" என்கிற வார்த்தை அவளுக்கு உரியது, நாம் எடுக்கக் கூடாது. அன்றைக்கு அவள் வெகுநேரம் வாயே திறக்கவில்லை. சிலிண்டர் வரி வந்தபோதுதான் என் தோளில் சாய்ந்து, "எனக்கும் செமந்தானே அத்தாச்சி" என்று ஆரம்பித்தாள். நான் அதோடு விட்டுவிட்டேன்.

பதினாறு முடிந்த மறுநாள் காலையில் அவன் அப்பா பால் வாங்கப் போனார். எங்கள் திண்ணையிலும் ஒரு பாக்கெட் இருந்தது.