அழகு நிலையம் திறக்கும் முன்: உரிமம், காப்பீடு, சுத்தப் பதிவேடு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அக்கா, இடம் பார்த்தாச்சு, இந்த வாரமே வாடகை ஒப்பந்தம். ஒரு வணிக உரிமம் எடுத்தால் போதும்தானே?

பதில்: கையெழுத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அந்த இடத்தில் அழகு நிலையம் நடத்தலாமா என்று முதலில் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்க வேண்டும். முன்பு துணிக்கடையாக இருந்திருந்தால் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி வாங்கச் சொல்லலாம். தலை கழுவும் தொட்டி வைப்பதால் கழிவுநீர் இணைப்பையும் பார்ப்பார்கள்.

போகும்போது நீங்கள் செய்யப்போகும் சேவைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். முடி வெட்டுவதற்கு ஒரு விதி, காது குத்துவதற்கும் லேசருக்கும் வேறு விதி என்று பல ஊர்களில் இருக்கும். சில இடங்களில் கடைக்கு ஒரு உரிமம், வேலை செய்பவருக்கு இன்னொரு பதிவு. வரி வரியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பொதுவாக ‘பார்லர்’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

கேள்வி: கட்டட உரிமையாளரே காப்பீடு எடுத்திருக்கிறாராம். நான் தனியாக எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டும். அவருடையது பெரும்பாலும் கட்டடத்துக்கானது. வாடிக்கையாளர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தால் பொதுப் பொறுப்புக் காப்பீடு வேண்டும். நீங்கள் செய்த சேவையால் அவருக்குக் காயமோ ஒவ்வாமையோ வந்தால், அது அதே பாலிசியில் அடங்குமா என்று தனியாகக் கேட்க வேண்டும். ஆள் வைத்தால் அவர்களுக்கான காப்பீடு கட்டாயமா என்பதையும் விசாரியுங்கள்.

பலரும் பாலிசியின் நிபந்தனைப் பக்கத்தைப் படிப்பதில்லை. சிக்கல் வரும் இடம் அதுதான். ஒருவருக்கு ஹேர் டை போட்டீர்கள், இரண்டு நாளில் முகம் வீங்கிவிட்டது, இழப்பீடு கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வாமைச் சோதனை செய்தீர்களா, எப்போது, எந்த டை, எந்த நிறம், யார் செய்தது, வாடிக்கையாளர் கையெழுத்து எங்கே என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கும். டைப் பெட்டியில் 48 மணி நேரம் முன்பே சோதிக்கச் சொல்லியிருக்க, நீங்கள் அன்று காலையில் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்திருந்தால், தயாரிப்பாளர் சொன்னபடி செய்யவில்லை என்று கோரிக்கையை நிராகரிக்கலாம். இந்த ஒவ்வாமை மெதுவாகத்தான் வெளிப்படும், அதனால் காலையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு அர்த்தமே இல்லை.

கேள்வி: பத்து வருடமாக ஒரே டை போடுகிறவருக்குமா சோதனை? அவர் சிரிப்பார்!

பதில்: சிரித்தாலும் கேளுங்கள். பல வருடம் ஒத்துக்கொண்ட டை திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவது உண்டு. இடையில் கறுப்பு மருதாணி என்ற பெயரில் போடும் தற்காலிக டாட்டூ போட்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அதில் டையில் இருக்கும் பிபிடி என்ற, ஒவ்வாமை உண்டாக்கும் ரசாயனம் கலந்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டுமா, இடைவெளி விட்டால் போதுமா என்பதில் காப்பீட்டு நிறுவனங்களிடையே ஒத்த கருத்து இல்லை. உங்கள் பாலிசியில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.

கேள்வி: சீப்பு, கத்தரி எல்லாம் யூவி பெட்டியில் வைக்கிறேன். சுத்தத்துக்கு அது போதும், தனிப் பதிவேடு தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பதில்: பெட்டியில் வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அது சுத்தம் செய்த கருவியைப் பாதுகாக்கும் இடம். ஒளி படாத பக்கத்தில் கிருமி அப்படியே இருக்கும். முதலில் முடியை எடுத்து, சோப்பில் கழுவித் துடையுங்கள். பிறகு கிருமிநாசினியில் முழுதாக மூழ்கும்படி, லேபிளில் சொன்ன நேரம் வரை வையுங்கள். கரைசல் கலங்கினால் உடனே மாற்றுங்கள். சவரப் பிளேடு ஒருவருக்கு ஒன்றுதான், பயன்படுத்தியதும் கூர்ப்பொருள் பெட்டியில் போட வேண்டும்.

பதிவேடு எளிதுதான்: தேதி, கரைசல் எப்போது கலந்தது, எந்த அளவில், யார். அன்றன்றைக்கு எழுத வேண்டும். மாதக் கடைசியில் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் நிரப்பியதை ஆய்வுக்கு வருபவர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். ரத்தம் படும் சேவைகளுக்கு நீராவி அழுத்தக் கருவி கட்டாயமா என்று கேளுங்கள். கட்டாயம் என்றால் ஒவ்வொரு சுற்றின் வெப்பம், நேரத்தையும் குறிக்க வேண்டும். 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் என்பது பரவலான அளவு.

கேள்வி: நான் கடை திறக்கவில்லை அக்கா, வேறொருவர் கடையில் ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். இதெல்லாம் அவர் பொறுப்புதானே?

பதில்: அவருடைய பாலிசியில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் நீங்கள் செய்யும் வேலை அதில் அடங்காமல் போகலாம். உங்களுக்கென்று தனிப் பாலிசி, சோதனைப் பதிவேடு இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவான தொட்டியையும் கிருமிநாசினியையும் யார் பார்த்துக்கொள்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.