க்ளீன் பிளேட் ஓரங்களில் மட்டும் ஒட்டவில்லை

> "ட்ரைபாடை அசைக்கவே இல்லை. ஆனாலும் மைக் ஸ்டாண்டை அழிக்க வெற்று ஷாட்டை மேலே வைத்தால், ஓரத்துச் சுவர்க்கோடு இரண்டாகத் தெரிகிறது."

ஆட்டோ ஃபோகஸ்தான் காரணமாக இருக்கும். ஆள் விலகியதும் லென்ஸ் பின்சுவருக்கு ஃபோகஸை மாற்றியிருக்கும். பல லென்ஸ்களில் ஃபோகஸ் மாறினால் காட்சியின் அளவும் கொஞ்சம் மாறும்.

பிளேட்டின், அதாவது அந்த வெற்று ஷாட்டின், பிளெண்ட் மோடை டிஃபரன்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். ஒத்துப்போகும் இடம் கறுப்பாகிவிடும். நடுவில் கறுப்பாக இருந்து, ஓரம் போகப்போக வெள்ளைக் கோடுகள் தடித்தால் ஃபோகஸ்தான். எல்லா இடத்திலும் ஒரே பக்கமாக, ஒரே அளவு விலகியிருந்தால் கேமராவே நகர்ந்திருக்கிறது. கோடில்லாமல் சீரான சாம்பல் என்றால் எக்ஸ்போஷர் மாறியிருக்கிறது.

இந்த ஷாட்டைக் காப்பாற்றலாம். பிளேட்டின் ஸ்கேலை 100-லிருந்து ஒவ்வொரு முறையும் 0.2 சதவீதம் கூட்டியோ குறைத்தோ கோடுகள் மறையும்வரை நகர்த்துங்கள். அப்புறம் டேக்கில் சுவர் எவ்வளவு மங்கலோ அந்த அளவுக்கு பிளேட்டுக்கும் ப்ளர் கொடுங்கள்.

அடுத்த முறை ஆள் நிற்கும் இடத்தில் ஃபோகஸைப் பிடித்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸையும் அப்படியே பூட்டுங்கள். ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். டேக் முடிந்ததும் ரெக்கார்டிங்கை நிறுத்தாமல் ஆளையும் ஸ்டாண்டையும் விலக்கி, 10 விநாடி ஓடவிடுங்கள்.

ஒன்று மட்டும்: ஸ்டாண்டுக்குக் குறுக்கே ஆள் கடக்கும் ஃப்ரேம்களில் பிளேட் மட்டும் போதாது, ஆளைச் சுற்றி ஃப்ரேம் ஃப்ரேமாக மாஸ்க் வரைந்து ரோட்டோ செய்தே ஆக வேண்டும்.