வெயிலில் வேலை செய்து தலைசுற்றினால்: வீட்டில் என்ன செய்யலாம், எப்போது 108?

கேள்வி: அப்பா கொத்தனார். நேற்று வெயிலில் வேலை முடித்து வந்ததும் தலைசுற்றல், வாந்தி, உடம்பெல்லாம் வியர்வை. மறுபடி வந்தால் வீட்டிலேயே பார்க்கலாமா? ஆஸ்பத்திரிக்கு எப்போது போக வேண்டும்?

நீங்கள் சொல்வது வெப்பச் சோர்வு போலத்தான் தெரிகிறது. கட்டட சைட்டில் பாதுகாப்பு மேற்பார்வை என் வேலை என்பதால் கோடையில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

போன சித்திரையில் கம்பி கட்டும் தம்பி ஒருவர் மதியம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறி, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஆனால் "அண்ணே, கிறுகிறுன்னு வருது" என்று தெளிவாகச் சொன்னார். நிழலில் படுக்கவைத்து, சட்டையையும் ஷூவையும் கழற்றி, காலைச் சற்று உயர்த்தி வைத்தோம். உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து ஃபேனைத் திருப்பினோம். தண்ணீர் ஆவியாகும்போதுதான் சூடு இறங்கும். ஈரத் துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டால் காற்று படாது.

குடிக்க ஓ.ஆர்.எஸ். 1 லிட்டர் பாக்கெட்டை முழு 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொட்டிக் கொடுப்பவர்கள் உண்டு, அது தவறு. பாக்கெட் இல்லாவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி வாய் வாயாகக் கொடுங்கள். உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் நல்லதுதான். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதனால் வியர்வையில் போன உப்பை அது மட்டும் ஈடுகட்டாது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தாலும் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், வாந்தியும் தலைவலியும் கூடும். அப்பாவுக்கு பிரஷர், இதய அல்லது சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் உப்பின் அளவை டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

அந்தத் தம்பி அரை மணி நேரத்தில் தேறிவிட்டார். மறுநாளும் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பினோம். அரை மணியில் தேறாவிட்டால் ஆஸ்பத்திரிதான்.

ஹீட் ஸ்ட்ரோக் வேறு. வியர்வை நின்றால்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். வேலை செய்து வருபவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும்போதும் வரும். பேச்சைக் கவனியுங்கள். இது எந்த இடம், கூட வந்தவர் யார் என்று கேட்டால் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், எரிந்து விழுகிறார், தள்ளாடுகிறார், வலிப்பு வருகிறது, மயங்குகிறார் என்றால் அதுதான். உள்சூடு பெரும்பாலும் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும், ஆனால் அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் குறைத்தே காட்டும்; அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

உடனே 108. வண்டி வரும்வரை சும்மா நிற்கக் கூடாது. தலை முதல் கால் வரை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவு தடுமாறுபவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். பாராசிட்டமாலும் வேண்டாம், இது காய்ச்சல் இல்லை, மாத்திரைக்கு இறங்காது.

அப்புறம் ஒன்று: தேறிய பிறகும் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அன்றே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள்.