எல்லா அரிப்பும் வறட்சி இல்லை

"வயது 58. மாதவிடாய் நின்று ஏழு வருடம் ஆகிறது. இரண்டு வருடமாக அந்த இடத்தில் அரிப்பு, ராத்திரியில் தூக்கமே இல்லை. வறட்சி என்று ஹார்மோன் கிரீம் கொடுத்தார்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிய கிரீமும் போட்டேன். சர்க்கரை இல்லை. இப்போது தோல் வெள்ளையாகிவிட்டது. இணையத்தில் பார்த்தால் புற்றுநோய் என்று வருகிறது. கணவருக்கும் ஒட்டுமா?"

ஒட்டாது. அந்தக் கவலையை இங்கேயே விட்டுவிடுங்கள். தோல் வெளுத்திருக்கிறது என்பதற்காகப் புற்றுநோய் என்று முடிவுகட்டவும் வேண்டாம், ஆனால் இது வெறும் வறட்சியாகவும் எனக்குத் தோன்றவில்லை. வறட்சி என்பது பெரும்பாலும் பிறப்புறுப்பின் வாசலிலும் உள்ளேயும் இருக்கும், உறவின்போது எரியும், ஹார்மோன் கிரீம் போட்டால் இரண்டு மூன்று மாதத்தில் அடங்கும். வெளித்தோல் வெளுத்து, ராத்திரியில் பிய்த்து எடுப்பதுபோல் அரித்தால் நான் முதலில் நினைப்பது லைக்கன் ஸ்கிளிரோசஸ்.

இது கிருமியால் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புசக்தியே தோலைத் தாக்குவதால் வருவதாகத்தான் கருதுகிறோம், அதனால்தான் தைராய்டு கோளாறு உள்ளவர்களிடம் கொஞ்சம் அதிகமாகப் பார்க்கிறோம். தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து சுருங்கும், சொறிந்தால் ரத்தம் கட்டும், கீறல் விழும். ஆசனவாயைச் சுற்றியும் வெளுக்கலாம். நாளாக நாளாக உள் இதழ்கள் கரைந்து பக்கத்துத் தோலோடு ஒட்டிப்போகும், ஒட்டியது மருந்தால் திரும்பாது. வெண்புள்ளியிலும் தோல் வெளுக்கும்தான், ஆனால் தொட்டால் சாதாரணத் தோல் மாதிரியே இருக்கும், பொதுவாக அரிக்காது. பூஞ்சைத் தொற்று மெனோபாஸுக்குப் பிறகு, சர்க்கரையும் இல்லாமல் ஹார்மோனும் எடுக்காமல் இருப்பவர்களுக்கு அவ்வளவு சுலபமாக வருவதில்லை. உங்களுக்கு அரிப்பு ஹார்மோன் கிரீமுக்கு முன்பே இருந்திருக்கிறது. இதை யாரும் யோசிக்காமல் பூஞ்சைக் கிரீமை நீட்டுவதுதான் எனக்கு எரிச்சல்.

மெடிக்கலில் வாங்கிய டியூபை எடுத்துப் பெயரைப் படியுங்கள். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்த கிரீமாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். நாலு நாள் சுகம் கொடுத்தது அதிலுள்ள ஸ்டீராய்டுதான், அது நோயின் அடையாளத்தையும் மறைத்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், சரியான மருந்தும் ஸ்டீராய்டுதான். குளோபெட்டசோல் 0.05 சதவீதம், தனியாக, ஆயின்மென்டாக. பொதுவாக முதல் மாதம் தினம் ராத்திரி, இரண்டாம் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இரண்டு முறை என்று கொடுப்போம். ஒரு தடவைக்கு ஆள்காட்டி விரலின் முதல் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் போதும், அப்படிப் போட்டால் 30 கிராம் டியூப் ஒன்று மூன்று மாதத்தை ஓட்டிவிடும். என்னிடம் வந்த 62 வயது அம்மா ஒருவர் பத்தே நாளில் அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்திவிட்டார், காரணம் டியூபோடு வந்த சீட்டில் பிறப்புறுப்பில் போடக்கூடாது என்று அச்சடித்திருந்தது. ஆறு மாதத்தில் பழையபடி அரிப்பு, இந்த முறை வாசலும் சுருங்கியிருந்தது. சீட்டில் இருப்பது பொதுவான எச்சரிக்கை, இந்த நோய்க்குப் பொருந்தாது. அரிப்பு நின்ற பிறகும் பலருக்கு வாரம் ஒன்றிரண்டு முறை தொடர வேண்டியிருக்கும்.

சரி, புற்றுநோய். இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் அங்கே தோல் புற்றுநோய் வருகிறது, மருந்தை ஒழுங்காகப் போடுபவர்களுக்கு அது இன்னும் குறைவு. வெள்ளை நிறத்தைப் பார்த்து பயப்படாதீர்கள். மூன்று நான்கு வாரமாகியும் ஆறாத ஒரு புண், தடித்துப்போய்க் கையில் தட்டுப்படும் ஒரு இடம், ஒரு கட்டி, மருந்து போட்டும் அடங்காத ஒரே இடத்து வலி, இதில் எது இருந்தாலும் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து துளித் தோலை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள், பத்து நிமிஷ வேலை. சாதாரணமாகத் தெரியும் லைக்கனுக்கு பயாப்சி கட்டாயமில்லை, சந்தேகம் இருந்தால்தான்.

மாதம் ஒருமுறை கைக்கண்ணாடி வைத்து நீங்களே பாருங்கள். அங்கே சோப்பு, டெட்டால் தண்ணீர், மஞ்சள் எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும், அரித்தால் வாசலீன் தடவுங்கள். அப்புறம், தோல் மருத்துவரோ மகப்பேறு மருத்துவரோ, யாரிடம் போனாலும், கேள்வி மட்டும் கேட்டுவிட்டு மருந்துச் சீட்டை எடுத்தால் கூச்சப்படாமல் "ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள் டாக்டர்" என்று சொல்லுங்கள். இந்த இரண்டு வருடத்தில் யாராவது பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.