நிதியளிப்பவரின் பங்கை எதிர்த்தரப்பிடம் வசூலிக்க முடியுமா?

"ஒப்பந்தத்தை முறித்த வெளிநாட்டு நிறுவனத்தின் மீது சர்வதேச வர்த்தக சபையான ஐ.சி.சி.யின் விதிகளின்படி லண்டனில் ஆர்பிட்ரேஷன், அதாவது நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் முன் வழக்கு, தொடங்கப் போகிறோம். கையில் பணமில்லை. ஒரு நிதி நிறுவனம் செலவை ஏற்று, ஜெயித்தால் மூன்று மடங்கு கேட்கிறது. அந்தப் பணத்தை எதிர்த்தரப்பிடமே வாங்கலாமா?"

வாங்க வாய்ப்புண்டு. ஆனால் அதை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்களுக்குச் சாதகமான வழக்கு, எஸ்ஸார் - நார்ஸ்காட் என்ற இரு நிறுவனங்களுக்கு இடையே நடந்தது. நார்ஸ்காட் வழக்கு நடத்த வெளியாரிடம் வாங்கியது சுமார் 6.47 லட்சம் பவுண்டு. ஜெயித்த பிறகு, நிதியளித்தவருக்குச் சேர வேண்டிய சுமார் 19.4 லட்சம் பவுண்டை எஸ்ஸாரே தர வேண்டும் என்றார் நடுவர். இங்கிலாந்தின் 1996 நடுவர் சட்டம், பிரிவு 59இல் வரும் 'பிற செலவுகள்' என்பதற்குள் இதுவும் அடங்கும் என்பது அவர் வாதம். 2016இல் லண்டன் உயர் நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது.

தீர்ப்பைவிட அதற்கான காரணம்தான் உங்களுக்கு முக்கியம். நார்ஸ்காட்டைப் பண நெருக்கடியில் தள்ளியதே எஸ்ஸாரின் நடத்தைதான், வெளியாரிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று நடுவர் கண்டறிந்தார். நிதியளித்தவர் கேட்ட விகிதம் சந்தை வழக்கத்துக்கு உட்பட்டது என்பதற்கும் சாட்சியம் இருந்தது. எனவே உங்கள் கை வறண்டதற்கு எதிர்த்தரப்பே காரணம் என்று காட்டும் கணக்குகள், வங்கி கடன் மறுத்த கடிதம், வேறு நிதியாளர்களிடம் பெற்ற விலைப்புள்ளிகள் ஆகியவற்றை இப்போதே சேர்த்து வையுங்கள். வசதியிருந்தும் ஆபத்தைப் பகிரத்தான் நிதி வாங்கினீர்கள் என்றால் இந்த வாதம் நிற்காது. எல்லாமிருந்தாலும், செலவைத் தருவது நடுவரின் விருப்புரிமைதான். ஆர்பிட்ரேஷனின் சட்டப்படியான அமைவிடம் லண்டனாக இல்லாவிட்டால் அந்நாட்டுச் சட்டத்தைத் தனியே பார்க்க வேண்டும்.

ஐ.சி.சி.யின் 2021 விதிகள், பிரிவு 11(7)இன்படி, நிதியளிப்பவர் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். நடுவருக்கும் அவருக்கும் உறவு இருக்கிறதா என்று பார்க்கவே இது. மடங்கு, பங்கு விவரங்களை அந்த விதி கேட்பதில்லை. ஆனால் அந்தச் செலவை நீங்கள் கோரினால், ஒப்பந்தத்தையும் மேசையில் வைக்க நேரிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை வரிவரியாகப் படிப்பார்.

தோற்றால் என்ன என்று பலர் கேட்பதே இல்லை. பொதுவாகத் தோற்றவர்தான் மறுதரப்பின் செலவையும் தர வேண்டும். நிதியளிப்பவர் ஆர்பிட்ரேஷனில் தரப்பினர் அல்லர். அவர் மேல் நடுவரால் உத்தரவு போட முடியாது. 2023இல் டெல்லி உயர் நீதிமன்றமும், தரப்பினராக இல்லாத நிதியளிப்பாளரிடம் தீர்ப்புத் தொகையை வசூலிக்க வழியில்லை என்றது. ஆக, பில் உங்களுக்குத்தான் வரும். இடையிலேயே, 'இவர்களிடம் பணமில்லை, செலவுக்குப் பிணையம் கட்டச் சொல்லுங்கள்' என்று எதிர்த்தரப்பு மனுப் போடலாம்.

ஆகவே ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது, தோல்விச் செலவையும் பிணையத்தொகையையும் நிதியளிப்பவர் ஏற்கும் ஷரத்து. அது இல்லையென்றால் தோல்விச் செலவுக்கான காப்பீட்டின் பிரீமியம் யார் தலையில் என்று எழுதி வாங்குங்கள்.