வகிட்டில் மட்டும் வெயில் சுட்டால்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 54. மொரீஷியஸில் காத்ர் போர்ன் பக்கம் இருக்கிறோம். தைப்பூசத்தன்று மகன் காவடி எடுத்தான், நான் கூடவே நடந்தேன். அன்று இரவே வகிடு எரிந்தது. சீப்பு பட்டால் வலி. தேங்காய் எண்ணெய் வைத்தேன். இப்போது ஐந்தாம் நாள், வகிட்டில் பொடுகு போல உதிர்கிறது. பொடுகு ஷாம்பு போடலாமா? முடி மெலிந்திருப்பதால் மினாக்சிடில் தடவி வருகிறேன். அதைத் தொடரலாமா?

பதில்: பொடுகு ஷாம்புவை எடுத்து வையுங்கள் அம்மா. இது பொடுகு இல்லை, வெயிலில் வெந்த தோல் உரிகிறது. பொடுகு என்றால் தலை முழுக்க, காதோரம், புருவம் வரை பரவும், பிசுபிசுப்பாக இருக்கும். உங்களுக்கு வகிட்டுக் கோட்டில் மட்டும், அதுவும் எரிச்சல் வந்து சில நாள் கழித்து, மெல்லிய ஏடாக வருகிறது. நம் நிறத்தில் வெயில் சுட்ட இடம் பளிச்சென்று சிவக்காமல் கருத்துத்தான் தெரியும். அதனால் வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை. பொடுகு ஷாம்புகள் சிலவற்றில் தோலை உரிக்கிற அமிலம் இருக்கும். புண்பட்ட தோலில் அது இன்னும் எரியும்.

மினாக்சிடிலை இன்றே நிறுத்துங்கள். உரிந்த தோல் வழியாக மருந்து வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்தில் கலக்கும். படபடப்பு, தலைசுற்றல் வரலாம். உரிவது முழுக்க நின்று, சீப்பு பட்டாலும் வலிக்காத நாளில் மறுபடி தொடங்கலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியால் இதுவரை வந்த முடி போய்விடாது. முடியின் வேர் தோலுக்குள் ஆழத்தில் இருக்கிறது. இந்த மாதிரி சூடு மேல்தோலோடு நின்றுவிடும்.

அதுவரை வெதுவெதுப்பான நீரில், வாசனை குறைந்த மென்மையான ஷாம்புவால் அலசுங்கள். ஏட்டைப் பிய்க்க வேண்டாம், தானே விழட்டும். இழுப்பும் அரிப்பும் இருந்தால் வாசலினை விரல் நுனியில் தொட்டு லேசாகத் தடவலாம். தலைச்சாயம், டிரையர் இரண்டும் வேண்டாம். எண்ணெயைப் பற்றியும் சொல்கிறேன்: சுட்ட அன்றே எண்ணெய் வைத்தால் சூடு தோலுக்குள்ளேயே தங்கும். முதல் நாளில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு எடுப்பதுதான் சரி. ஐஸ் கட்டி கூடாது. கொப்புளம், காய்ச்சல், வாந்தி, சீழ் ஏதாவது வந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

ஏன் வகிடு மட்டும் என்று யோசித்திருப்பீர்கள். மொரீஷியஸ் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. ஜனவரி இருபதாம் தேதி வாக்கில் நண்பகல் சூரியன் அங்கே ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். தைப்பூசம் வருவதும் அதை ஒட்டித்தான். முகத்தில் வெயில் சாய்வாக விழும், வகிட்டில் செங்குத்தாக விழும். வயதோடு வகிடு அகலமாகும்போது அங்கே தோலை மறைக்கத் தலைமுடியும் இல்லை. கடற்காற்று வீசினால் சூடு தெரியாது, மேகம் இருந்தாலும் புறஊதாக் கதிர் வரும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிற நேரமெல்லாம் தலையை மூட வேண்டிய நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மெல்லிய வாயில் சேலையின் முந்தானையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விரல் தெரிந்தால் கதிரும் வரும். வியர்வையில் நனைந்த வெள்ளைப் பருத்தியில் இன்னும் அதிகமாக வரும். நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணி நல்லது. மற்ற நாட்களில் நான்கு விரல் அகலத்துக்குக் குறையாத விளிம்புள்ள தொப்பி. ஊர்வலத்தில் காவடி எடுப்பவர்களுக்கு முடியாது, கூட நடக்கிற உங்களுக்குக் குடை பிடிக்கத் தடையில்லையே. குடை தரையில் பட்டுத் திரும்பும் கதிரைத் தடுக்காது, ஆனால் உச்சந்தலையைக் காக்கும்.

துணியோ குடையோ முடியாத இடத்துக்குத்தான் சன்ஸ்கிரீன். க்ரீம் முடியில் பிசுபிசுக்கும். எஸ்பிஎஃப் 30 அல்லது 50 உள்ள ஜெல்லோ ஸ்டிக்கோ வாங்குங்கள். புண் ஆறிய பிறகு, கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு வகிட்டை விரித்து, கோடு முழுக்க விரலால் தடவ வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நன்றாக வியர்த்தால் அதற்கு முன்பே, மறுபடி. ஸ்ப்ரே என்றால் கையில் அடித்துத் தடவுங்கள், மூச்சில் இழுக்காமல் இருக்கும். மினாக்சிடில் திரும்பத் தொடங்கியபின் அது நன்றாகக் காய்ந்த பிறகே சன்ஸ்கிரீன். வகிட்டை அடிக்கடி மாற்றி எடுப்பதும் உதவும், ஆனால் உச்சி முழுக்க மெலிந்திருந்தால் அது போதாது.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் என்றால் அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கிறதா என்று மருந்துக்கடையில் கேளுங்கள். அது தோலை வெயிலுக்கு எளிதாகச் சுட வைக்கும். இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். வகிட்டில் சொரசொரப்பான திட்டோ ஆறாத பொருக்கோ ஒரு மாதம் தாண்டி நின்றால், அதைத் தோல் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.