விரலிடுக்கில் மதமதப்பு: அகலமான சப்பாத்து போதுமா?

"டாக்டர், எனக்கு வயது 49. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறேன். மத்தியானம் ஆனால் வலது காலில் மூன்றாவது, நான்காவது விரலுக்கு நடுவில் மதமதத்து ஊசி குத்துகிறது. பூட்டைக் கழற்றித் தேய்த்தால் அடங்கிவிடும். பெரிய, மெத்தென்ற சப்பாத்து வாங்கினால் சரியாகுமா?"

கழற்றித் தேய்த்ததும் அடங்குகிறது என்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். அந்த விரல்களுக்குப் போகும் நரம்பு, பாதத்தின் முன்பக்க எலும்புகளுக்கு இடையே ஒரு தசைநாருக்கு அடியில் நுழைந்து செல்கிறது. பூட் பக்கவாட்டில் இறுக்க இறுக்க நரம்பைச் சுற்றிய திசு தடித்துப்போகும். இதை மார்ட்டன் நியூரோமா என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், இது புற்றுக்கட்டி அல்ல.

அகலமான சப்பாத்து பலருக்கு உதவுகிறது. வாங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தாள்மேல் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டிக்கொள்ளுங்கள். அதைப் பூட்டின் அடிப்பாகத்தோடு வைத்துப் பாருங்கள். தாள் பக்கத்தில் பிதுங்கினால் அந்த பூட் உங்களுக்கு ஒடுக்கம். நீளத்தில் மட்டும் ஒரு அளவு கூட்டி வாங்குவதில் பயனில்லை. விரல் பகுதி அகலமாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும், குதி தாழ்ந்திருக்க வேண்டும்.

மெத்தையில்தான் பலர் தவறுகிறார்கள். என்னிடம் வந்த ஓர் ஆசிரியை ஒடுங்கிய சப்பாத்துக்குள் இரண்டு மெத்தை போட்டிருந்தார். மெத்தை இடத்தை அடைத்து இறுக்கத்தைக் கூட்டியதால் எரிச்சல் அதிகமானது. இரண்டையும் எடுத்துவிட்டு, அகலமான சப்பாத்தில் சிறிய மேட்டு மெத்தை ஒன்றை மட்டும் ஒட்டினோம். அதை வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே வைக்கக்கூடாது. வலிக்கும் இடத்தில் குழைத்த குங்குமத்தால் பொட்டு வைத்து, சப்பாத்துக்குள் காலை ஊன்றினால் உள்தட்டில் அச்சு விழும். அந்த அச்சுக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக ஒட்ட வேண்டும். அப்போது எலும்புகள் விலகி நரம்புக்கு இடம் கிடைக்கும். கூழாங்கல்லை மிதிப்பதுபோல் உறுத்தினால், இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்த்துங்கள்.

உங்கள் வேலையில் இன்னொன்றும் இருக்கிறது. நுனிக்காலில் குந்திப் பொறுக்கும்போது விரல்கள் மேல்நோக்கி மடங்க, நரம்பு அந்தத் தசைநாரோடு அழுந்துகிறது. சப்பாத்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இது நிற்காது. ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி, வலது பாதம் முழுதும் படிய வைத்துப் பொறுக்குங்கள். அல்லது குட்டை முக்காலி கொண்டுபோங்கள்.

இப்படி ஆறு வாரம் பாருங்கள். குறையாவிட்டால் ஸ்கேன் எடுத்து, ஊசிமருந்து போடலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். அறுவைச் சிகிச்சை கடைசி வழி. நரம்பை வெட்டி எடுத்தால் அந்த விரலிடுக்கில் மரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடலாம்.

ஆனால் இரண்டு கால்களிலும் எல்லா விரல்களும் மரத்தாலோ, இரவில் படுக்கையிலும் எரிந்தாலோ சப்பாத்துக் கடைக்குப் போகாதீர்கள். முதலில் கிளினிக்கில் இனிப்புநீர் இருக்கிறதா என்று இரத்தம் சோதியுங்கள்.